கண்டவரும் கேட்டவரும்: உளக் காயத்துக்கு இங்கிலாந்துச் சட்டம் வகுத்த எல்லைகள்

இங்கிலாந்தின் தீங்கியல் சட்டத்தில், ஒருவருடைய கவனக்குறைவால் இன்னொருவரின் எலும்பு முறிந்தால், இழப்பீடு கேட்பவர் நிரூபிக்க வேண்டியவை பெரும்பாலும் மூன்றே: எதிர்வாதிக்குத் தம்மிடம் கவனமாக நடந்துகொள்ளும் கடமை இருந்தது, அதை அவர் மீறினார், அந்த மீறலால்தான் காயம் ஏற்பட்டது. காயம் எலும்பில் அல்லாமல் மனத்தில் ஏற்பட்டிருக்குமானால், அதிலும் வேறொருவருக்கு நேர்ந்த மரணத்தைக் கண்டதால் ஏற்பட்டிருக்குமானால், அதே சட்டம் கூடுதலான பல தடைகளைக் கேட்பவரின் முன் நிறுத்துகிறது. அவருக்கும் இறந்தவருக்கும் இருந்த உறவு எத்தகையது, நிகழ்விடத்திலிருந்து அவர் எவ்வளவு தொலைவில் நின்றார், எவ்வளவு நேரம் கழித்து வந்தார், கண்ணால் கண்டாரா பிறர் சொல்லக் கேட்டாரா என்றெல்லாம் நீதிமன்றம் விசாரிக்கிறது. வழக்குகளின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதற்காகவே நீதிபதிகள் உருவாக்கிய இந்தத் தடைகளைச் சட்ட நூல்கள் கட்டுப்பாட்டு விதிகள் என்று அழைக்கின்றன. அவற்றுள் எது உண்மையான வேறுபாட்டை அளக்கிறது, எது வெறும் தற்செயலை அளக்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

இத்துறைக்கு நீண்ட காலம் வழங்கிய பெயர் நரம்பதிர்ச்சி. மனநோய் என்பது நரம்புகளில் விழும் திடீர் அடி என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவம் கருதியதன் எச்சமே அச்சொல். இன்றைய தீர்ப்புகள் உளக் காயம் என்ற பொருளுடைய சொல்லையே விரும்புகின்றன. எனினும் எல்லா மன வேதனையும் சட்டத்தின் கண்ணில் காயம் ஆகிவிடுவதில்லை. துக்கம், அச்சம், பதற்றம், பல நாள் தூக்கமின்மை ஆகியவை வாழ்க்கையில் எவருக்கும் நேர்பவை என்று கொள்ளப்படுவதால் அவற்றுக்கு மட்டும் இழப்பீடு கிடையாது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய், ஆழ்ந்த மனச்சோர்வு, இயல்பான அளவைக் கடந்து நோயாகவே மாறிவிட்ட துக்கம் என மருத்துவம் பெயரிட்டு ஏற்ற நோய் ஒன்று இருக்க வேண்டும். மனநல மருத்துவரின் சான்றில் அந்த நோயின் பெயர் இல்லையென்றால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

தொடக்கத்தில் நீதிமன்றங்கள் இத்தகைய கோரிக்கையை அறவே ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், ரயில்வே கடவுக் காவலர் தவறுதலாக வாயிலைத் திறந்துவிட, வண்டியில் வந்த தம்பதியர் தண்டவாளத்தில் ஏறியபோது ரயில் மயிரிழையில் அவர்களைக் கடந்து சென்றது. மனைவி மயங்கி விழுந்தார், பிறகு நோயுற்றார். பேரரசின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இயங்கிய பிரிவி கவுன்சில், உடலில் எதுவும் படாமல் அச்சத்தால் மட்டும் வந்த நோய்க்கு இழப்பீடு இல்லையென்று 1888இல் தீர்ப்பளித்தது. பதின்மூன்று ஆண்டுகளில் இந்த நிலை ஆட்டம் கண்டது. 1901ஆம் ஆண்டின் டூலியூ வழக்கில், மதுக்கூடம் ஒன்றுக்குள் குதிரை வண்டி புகுந்துவிட்டதால் நடுங்கிப்போன கர்ப்பிணிப் பெண்ணின் கோரிக்கை ஏற்கப்பட்டது. ஆனால் தன் உயிருக்கே அஞ்சியவருக்கு மட்டும் இழப்பீடு என்ற வேலியையும் நீதிபதி சேர்த்தே போட்டார். 1925இல் அந்த வேலியும் விலகியது. ஓட்டுநர் இன்றித் தெருவில் உருண்டு வந்த லாரியைப் பார்த்து, வளைவுக்கு அப்பால் நடந்துகொண்டிருந்த தன் பிள்ளைகள் என்ன ஆனார்களோ என்று அஞ்சி நோயுற்ற தாய்க்காகத் தொடுக்கப்பட்ட வழக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. தனக்காக நடுங்கிய தாய்க்கு உரிமை உண்டு, பிள்ளைக்காக நடுங்கிய தாய்க்கு இல்லை என்று சொல்ல எந்த நீதிபதிக்கும் மனம் வராது என்பதே அத்தீர்ப்பின் உள்ளோட்டம். எனினும் அவளது அச்சம் அவள் தானே கண்டதிலிருந்து எழுந்திருக்க வேண்டும், பிறர் சொன்னதிலிருந்து அல்ல என்ற நிபந்தனை அன்றே சேர்ந்துகொண்டது. பின்னாளின் சிக்கல்களுக்கு அந்த நிபந்தனையே வித்து.

மேலும் ஒரு படி முன்னேறியது மெக்லாக்லின் வழக்கு. 1973 அக்டோபரில் நடந்த சாலை விபத்தில் ஒரு பெண்ணின் கணவரும் பிள்ளைகளும் சிக்கினர். அப்போது அவர் இரண்டு மைல் தொலைவில் வீட்டில் இருந்தார். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்துச் செய்தி வந்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது, கடைசி மகள் இறந்துவிட்டாள் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. மற்றவர்களை எண்ணெயும் சேறும் பூசிய கோலத்தில், இன்னும் துடைத்துக்கூட விடப்படாத நிலையில் அவர் கண்டார். விபத்தைக் காணாதவருக்கு இழப்பீடு உண்டா என்ற கேள்விக்கு, அன்று நாட்டின் உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 1982இல் உண்டு என்று விடையளித்தது. விபத்தின் உடனடிப் பின்விளைவைக் காண்பதும் விபத்தைக் காண்பதற்குச் சமம் என்றது. சட்டம் இனி விரிந்துகொண்டே போகும் என்று பலரும் எதிர்பார்த்த வேளையில்தான் ஹில்ஸ்பரோ பேரிடர் நேர்ந்தது.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில், லிவர்பூல் அணிக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கும் அரையிறுதி ஆட்டம். நுழைவாயிலில் நெரிசல் பெருகியதால் காவல்துறை வெளிக்கதவு ஒன்றைத் திறக்க உத்தரவிட்டது. உள்ளே புகுந்த கூட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்த நடு அடைப்புகளுக்குள் நெருக்கித் தள்ளப்பட, முன்வரிசையில் நின்றவர்கள் கம்பி வேலியோடு நசுங்கினார்கள். ஆட்டம் ஆறு நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. வழக்கு நடந்த காலத்தில் இறந்தோர் தொகை 95; பின்னர் காயங்களின் விளைவாக இறந்தவர்களையும் சேர்த்து இன்று 97. தொலைக்காட்சிக் கேமராக்கள் இருந்ததால் நாடு முழுவதும் வீடுகளில் அமர்ந்திருந்தவர்கள் நெரிசலைப் பார்த்தார்கள். தங்கள் பிள்ளையும் சகோதரனும் அந்த முனையில்தான் நிற்கிறார்கள் என்பதை அறிந்தே பார்த்தவர்கள் அவர்களுள் இருந்தனர்.

இறந்தவர்கள், உடலில் காயமுற்றவர்கள் ஆகியோர் தொடர்பில் காவல்துறை தன் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. உறவினரை இழந்து மனநோய்க்கு ஆளானவர்களின் கோரிக்கையை மட்டும் மறுத்தது. அதுவே ஆல்காக் வழக்கு. முதல் நீதிபதி சிலருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அனைவரையும் நிராகரித்தது. பிரபுக்கள் அவைக்குப் போன பத்துப் பேரும் 1991 நவம்பரில் தோற்றார்கள். அந்தத் தீர்ப்பே பாதிக்கப்பட்டவர்களை இரண்டு வகுப்பாகப் பிரித்தது. நிகழ்வில் தாமே நேரடியாகச் சிக்கியவர் முதல்நிலைப் பாதிக்கப்பட்டவர்; பிறருக்கு நேர்ந்த தீங்கைக் காணும் சாட்சியாக மட்டும் இருந்தவர் இரண்டாம் நிலைப் பாதிக்கப்பட்டவர். இரண்டாம் வகுப்பினர் இழப்பீடு பெற வேண்டுமானால் இறந்தவரோடு அன்பும் பாசமும் செறிந்த நெருங்கிய பிணைப்பு இருந்திருக்க வேண்டும். நிகழ்வுக்கோ அதன் உடனடிப் பின்விளைவுக்கோ இடத்தாலும் காலத்தாலும் அருகில் இருந்திருக்க வேண்டும். அதைத் தம் கண்ணாலோ காதாலோ நேரே உணர்ந்திருக்க வேண்டும். நோய் படிப்படியாக அல்லாமல் திடீர் அதிர்ச்சியால் வந்திருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகள் மனிதர்கள் மீது எப்படி விழுந்தன என்பதைப் பார்க்கும்போதுதான் அவற்றின் கடுமை புலப்படும். மகனை இழந்த பெற்றோர், மணம் பேசி முடித்த துணையை இழந்த பெண் ஆகியோரின் பிணைப்பை எவரும் ஐயுறவில்லை. ஆனால் அவர்கள் மைதானத்தில் இல்லை. ஒளிபரப்பு நெறிகளின்படி துன்புறும் தனிமனிதரின் முகம் அடையாளம் தெரியும்படி காட்டப்படுவதில்லை என்பதால், திரையில் நெரிசலைக் கண்டது நேரில் கண்டதாகாது என்று அவர்களின் கோரிக்கை தள்ளப்பட்டது. இரண்டு சகோதரர்களை இழந்த ஒருவரோ மைதானத்திலேயே இருந்தார்; நேரில் கண்டார். அவர் தோற்றது பிணைப்பில். பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி ஆகியோரிடையே பாசம் இருந்ததாக நீதிமன்றமே கொள்ளும். உடன்பிறந்தோர் அதைச் சான்று காட்டி நிறுவ வேண்டும். அவர் அதற்கென்று சான்று எதுவும் அளிக்கவில்லை. இன்னொருவர் மைதானத்தில் இருந்து, பல மணி நேரம் தேடி, ஏறத்தாழ நள்ளிரவில் தற்காலிகப் பிணவறையில் தம் மைத்துனரின் உடலை அடையாளம் காட்டினார். நெரிசல் நடந்து எட்டு மணி நேரம் ஆகியிருந்ததால் அது உடனடிப் பின்விளைவுக்குள் அடங்காது என்றது மன்றம். மெக்லாக்லின் வழக்கின் தாய் இரண்டு மணி நேரத்தில் வந்தார். இவர் எட்டு மணி நேரத்தில் வந்தார். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே எங்கே கோடு விழுகிறது என்பதையும், ஏன் அங்கே விழுகிறது என்பதையும் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. தேடிய நேரம் நீள நீள வேதனை கூடியிருக்கவே வாய்ப்பு. சட்டத்திலோ அந்த நேரமே அவருடைய உரிமையை அரித்துவிட்டது.

நீதிபதிகள் இரக்கமற்றவர்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வது நியாயமாகாது. அவர்கள் முன் நின்ற அச்சம் உண்மையானது. உடற்காயம் அதை ஏற்படுத்திய நிகழ்வின் எல்லைக்குள் இருந்தவர்களோடு நின்றுவிடுகிறது. ஒரு மரணத்தால் மனம் உடைபவர்களுக்கோ இயற்கையான எல்லை கிடையாது. பெற்றோர், பாட்டி, நண்பர், வகுப்புத் தோழர், வழியோடு போனவர் என வட்டம் விரிந்துகொண்டே போகும். ஒரு நொடிக் கவனக்குறைவுக்கு அத்தனை பேருக்கும் ஈடு கொடுப்பது பிழையின் அளவை மீறிய சுமையாகும். அந்தச் சுமையை இறுதியில் காப்பீட்டுக் கட்டணம் செலுத்தும் பொதுமக்களே தாங்குவார்கள். எங்கேனும் ஒரு கோடு தேவை என்பதை மறுக்க முடியாது. குறை, அந்தக் கோட்டை எதைக் கொண்டு வரைந்தார்கள் என்பதில் இருக்கிறது. பிணைப்பு என்ற அளவுகோல் நோயின் காரணத்தைத் தொடுகிறது. மகனை இழந்தவர் நோயுறுவது மகன் என்பதால். தொலைவும் நேரமும் திரையும் அந்தக் காரணத்தைத் தொடுவதே இல்லை.

முதல்நிலை வகுப்பினருக்கு இத்தடைகள் எவையும் இல்லை என்பது முரணை இன்னும் கூர்மையாக்குகிறது. 1995இல் முடிந்த பேஜ் வழக்கில், மிதமான வேகத்தில் நடந்த கார் மோதலில் எவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் ஓட்டுநர்களுள் ஒருவருக்கு முன்பு இருந்து தணிந்திருந்த நாட்பட்ட களைப்பு நோய் மீண்டும் தலைதூக்கி, அவரால் வேலைக்கே திரும்ப முடியாமல் போனது. உடற்காயம் ஏற்படக்கூடும் என்று முன்கூட்டி உணர முடிந்திருந்தாலே போதும், உளக் காயத்தைத் தனியாக முன்னுணர வேண்டியதில்லை என்று பிரபுக்கள் அவையின் ஐவருள் மூவர் தீர்ப்பளித்தனர். ஆக, சிறு மோதலில் காயமின்றித் தப்பியவர் எளிதாக உள்ளே வந்தார். மகன் நசுங்கிச் சாவதைத் திரையில் பார்த்த பெற்றோர் வெளியே நின்றனர்.

ஹில்ஸ்பரோவின் மூன்றாவது தரப்பு, அன்று பணியிலிருந்த காவலர்கள். நசுங்கிய உடல்களை வெளியே இழுத்தும், மூச்சு ஊதியும், பிணங்களைச் சுமந்தும் பணியாற்றிய சிலர் மனநோய்க்கு ஆளாகித் தங்கள் தலைமை மீதே வழக்குத் தொடுத்தனர். மீட்பவர்களுக்குச் சட்டம் எப்போதும் தனி இடம் கொடுத்து வந்தது. 1957இல் லண்டனின் லூயிஷாம் பகுதியில் 90 பேர் இறந்த ரயில் விபத்தில், அருகில் வசித்த ஒருவர் இரவு முழுவதும் இடிபாடுகளுக்குள் ஊர்ந்து உதவி, பிறகு மனநோயுற்றார்; 1967இல் அவர் தரப்பின் கோரிக்கை ஏற்கப்பட்டிருந்தது. காவலர்களும் அதையே எடுத்துக்காட்டினர். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றும் வந்தனர். ஆனால் ஒயிட் வழக்கு என்று அறியப்படும் 1998 டிசம்பர் தீர்ப்பில் பிரபுக்கள் அவையின் பெரும்பான்மையினர் அதை மாற்றினர். தமக்கே உடல் ஆபத்து இருந்தவர், அல்லது இருந்ததாக நியாயமாக நம்பியவர் மட்டுமே முதல்நிலை வகுப்பில் சேர்வார் என்றும், மற்ற மீட்பவர்கள் சாட்சிகளைப் போன்றவர்களே என்றும் கூறினர். லூயிஷாம் மனிதர் வென்றதற்கும், தொங்கிய பெட்டி அவர்மேல் சரிந்திருக்கக்கூடும் என்பதே காரணம் என்று பழைய தீர்ப்புக்குப் புதிய விளக்கம் தரப்பட்டது.

அந்தத் தீர்ப்பின் உண்மையான உந்துதலை ஹாஃப்மன் பிரபு வெளிப்படையாகவே சொன்னார். பிள்ளைகளை இழந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பிய அதே பேரிடருக்காகக் காவலர்கள் இழப்பீடு பெற்றால், அதைச் சாதாரண மக்கள் நீதியென்று ஏற்கமாட்டார்கள் என்பதே அவர் வாதம். மக்கள் அப்படி நினைத்திருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஆல்காக் தீர்ப்பின் அநீதியை ஒப்புக்கொண்டு, அதைச் சரிசெய்வதற்குப் பதிலாக இன்னொரு கூட்டத்தாரையும் அதே நிலைக்கு இறக்கிச் சமன் செய்வது என்ன வகை நியாயம் என்ற கேள்விக்கு அத்தீர்ப்பில் விடை இல்லை.

ஒரு தலைமுறைக்குப் பின் இதே கோடு மருத்துவமனை வாசலுக்கு வந்தது. 2024 ஜனவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பால் வழக்கின் செய்திகள் இவை. இதய இரத்தக் குழாய் நோயை மருத்துவமனை கவனக்குறைவால் கண்டறியத் தவறியதாகக் குற்றச்சாட்டு. ஏறத்தாழ பதினான்கு மாதங்கள் கழித்து, 2014 ஜனவரியில், பன்னிரண்டும் ஒன்பதும் வயதான இரு மகள்களோடு கடைத்தெருவுக்குப் போன தந்தை மாரடைப்பால் நடைபாதையில் சரிந்து விழுந்து இறந்தார். மகள்கள் அதைக் கண்டார்கள். கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டதாகவே வைத்துக்கொண்டாலும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டா என்ற சட்டக் கேள்வியே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆல்காக் கேட்ட அனைத்தும் இங்கே இருந்தன: தந்தை மகள் உறவு, அதே இடம், அதே நொடி, கண்ணெதிரே காட்சி.

ஆறு நீதிபதிகள் இல்லையென்றனர். பரோஸ் பிரபு ஒருவர் மட்டும் உண்டு என்றார். பெரும்பான்மையினரின் காரணம், இரண்டாம் நிலைக் கோரிக்கை விபத்துகளுக்கே உரியது என்பதாகும். விபத்து என்றால் புறத்திலிருந்து வந்து தீங்கிழைக்கும், அல்லது தீங்கிழைக்கக்கூடிய நிகழ்வு. உடலுக்குள் வளர்ந்த நோய் தன் இயல்பான முடிவை அடைவது விபத்தாகாது. நோயாளிக்கு மருத்துவர் ஏற்கும் கடமை, அவர் சாவதைக் காணும் துயரிலிருந்து குடும்பத்தாரைக் காப்பது வரை நீளாது. திடீர் அதிர்ச்சி, கொடூரமான நிகழ்வு ஆகிய பழைய நிபந்தனைகள் விபத்து வழக்குகளில் இனித் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு கூறியது. மனநோய் பற்றிய காலாவதியான கருத்தில் ஊன்றியிருந்த அந்த நிபந்தனைகள் போனது நன்மையே. ஆயினும் ஒரு கையால் எடுத்த தடையை மறு கையால் பெரிதாக்கி வைத்ததாகவே அத்தீர்ப்பு அமைந்தது. அதே நடைபாதையில், அதே மகள்களின் கண்ணெதிரே, கவனமின்றி ஓட்டப்பட்ட கார் மோதி அந்தத் தந்தை இறந்திருந்தால் வழக்கு நிலைத்திருக்கும். மகள்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு மரணங்களுக்கும் வேறுபாடு ஒன்றும் இல்லை. தீங்கு நேரக் காரணமான நிகழ்வு அந்த மரணமே என்று கொண்ட பரோஸ் பிரபுவின் மாறுபட்ட தீர்ப்பே பழைய வழக்குகளோடும் பொது அறிவோடும் நன்கு பொருந்துகிறது.

கோடு வேறு விதமாகவும் விழலாம் என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் தொலைதூர மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த பதினாறு வயது மகன் 1986 இறுதியில் பாலைவனத்தில் காணாமல் போனான். நியூ சவுத் வேல்ஸில் இருந்த பெற்றோருக்குச் செய்தி தொலைபேசியில்தான் வந்தது. பல மாதங்கள் தேடியபின் அவன் எச்சங்கள் கிடைத்தன. அவர்கள் எதையும் நேரில் காணவில்லை. திடீர் அதிர்ச்சி என்று சொல்லவும் எதுவும் இல்லை. ஆனால் மகனைக் கவனமாகப் பார்த்துக்கொள்வதாக வேலை கொடுத்தவர் முன்பே அவர்களிடம் உறுதி கூறியிருந்தார். நேரில் காண்பதும் திடீர் அதிர்ச்சியும் கட்டாய நிபந்தனைகள் அல்ல என்று 2002இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் இயற்றிய சட்டம் உரிமையைச் சுருக்கியபோதும், நிகழ்விடத்தில் நேரில் கண்டவர்களோடு பெற்றோர், பிள்ளை, துணை, உடன்பிறந்தோர் ஆகிய நெருங்கிய குடும்பத்தாருக்கும் இடம் வைத்தது. அக்குடும்பத்தார் எங்கே நின்றார்கள் என்று கேட்கவில்லை. உறவைக் கொண்டு வட்டத்தை மூட முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இங்கிலாந்தின் சட்ட ஆணையம் 1998இல் அளித்த அறிக்கையும் இதையே பரிந்துரைத்தது. நெருங்கிய பிணைப்பு என்ற நிபந்தனை நிற்கட்டும். அப்பிணைப்பு இருப்பதாகச் சட்டமே கொள்ளும் உறவுகளின் பட்டியலில் உடன்பிறந்தோரும் சேரட்டும். இடம், காலம், நேரில் உணர்தல் ஆகியவை நீங்கட்டும் என்று சொல்லி, சட்ட முன்வரைவையும் அது இணைத்திருந்தது. அவ்வாண்டின் ஒயிட் தீர்ப்பில் நீதிபதிகள், இத்துறையைச் சீர்படுத்துவது இனி நாடாளுமன்றத்தின் வேலை என்றனர். அரசு 2009இல், இதை நீதிமன்றங்களே வளர்த்துக்கொள்வது நல்லது என்று விடையளித்தது. ஆணையத்தின் முன்வரைவு இன்றுவரை சட்டமாகவில்லை.